தொட்டித் தோட்டத்தில் மக்கு உரத்தால் வரும் தவறுகள்

பால்கனியில் நல்ல வெயில் விழுகிறது, தொட்டி நிறைய மக்கு உரம் இருக்கிறது, தினமும் தண்ணீரும் ஊற்றப்படுகிறது. ஆனாலும் நட்ட சில வாரங்களில் தக்காளிச் செடியின் அடி இலைகள் மஞ்சளாகி, வளர்ச்சி நின்றுவிடுகிறது. சத்துக் குறைவு என்று எண்ணிப் பலரும் அப்போது இன்னும் இரண்டு கை உரத்தை அள்ளிப் போடுகிறார்கள். பெரும்பாலும் தொல்லை தொடங்கியதே அந்த உரத்தில்தான். தரையில் நட்ட செடியின் வேர் தனக்கு ஒவ்வாத இடத்தை விட்டு விலகி வேறு பக்கம் ஓடலாம். தொட்டிக்குள் அதற்கு வேறு பக்கம் கிடையாது என்பதால், கலவையில் நேரும் சிறு பிழையும் செடியில் பெரிதாகத் தெரிகிறது.

முதல் தவறு, முழுதாக மக்காத உரத்தைப் பயன்படுத்துவது. காய்ந்த இலை, மரத்தூள், காகிதம் போன்றவற்றில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. இவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து தேவைப்படும்போது, அவை அதைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. அந்தப் போட்டியில் வேர் தோற்றுவிடும். கிடைக்காத தழைச்சத்தைச் செடி தன் பழைய இலைகளிலிருந்து எடுத்துப் புதிய தளிர்களுக்கு அனுப்புவதால்தான் மஞ்சள் நிறம் எப்போதும் அடியிலிருந்து மேல்நோக்கி ஏறுகிறது. இதற்கு நேர்மாறாக, காய்கறித் தோல்களையும் பச்சைக் கழிவுகளையும் மட்டுமே சேர்த்து அரைகுறையாக மக்கிய உரத்தில் அம்மோனியாவும் கரிம அமிலங்களும் தங்கியிருக்கும். அவை இளம் வேர்களின் நுனியையே கருக்கிவிடக்கூடும். சமையலறைத் தோல்களை நேரடியாகத் தொட்டி மண்ணில் புதைப்பதும் இதே வகைத் தவறுதான். அவை அழுகும்போது வேருக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தின்றுவிடுவதோடு சிறு ஈக்களையும் அழைத்து வருகின்றன.

உரம் பக்குவமாகிவிட்டதா என்பதைக் கண்டறிவது கடினமன்று. ஒரு கைப்பிடி உரத்தைப் பிழிந்தால் சொட்டாத அளவுக்கு ஈரமாக்கி, பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, நிழலில் மூன்று நாள் வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். மழை நனைத்த மண்ணின் வாசம் வந்தால் பயன்படுத்தலாம். புளித்த நெடியோ மூக்கில் ஏறும் காரமோ வந்தால் இன்னும் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். ஐயம் தீராவிட்டால், உரம் கலந்த மண்ணில் பத்து முள்ளங்கி விதைகளையும் உரம் கலக்காத மண்ணில் பத்து விதைகளையும் ஊன்றி ஒரு வாரம் பார்க்கலாம். உரம் கலந்த பக்கம் மட்டும் முளைப்பு குன்றினாலோ, நாற்றின் நுனி கருகினாலோ, உரம் பக்குவப்படவில்லை என்று பொருள். கடையில் வாங்கிய மூட்டைக்கும் இந்தச் சோதனை தேவை. கறுப்பாகவும் பொலபொலவென்றும் இருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

இரண்டாம் தவறு, நல்ல உரம் என்பதற்காகத் தொட்டி முழுவதையும் அதனாலேயே நிரப்புவது. மக்கு உரம் தொடர்ந்து சிதைந்துகொண்டே இருக்கும் பொருள். விளிம்பு வரை நிரப்பியது சில மாதங்களில் கண்கூடாகக் கீழே இறங்கி, காற்றுப் போகும் துளைகள் அடைபட்டுக் களிபோல் ஆகிவிடும். அதிலுள்ள உப்புகளும் தொட்டியின் சிறிய கொள்ளளவுக்குள் செறிந்து, மண்ணில் ஈரம் இருக்கும்போதே இலை ஓரங்களைக் கருகச் செய்யும். மொத்தக் கலவையில் உரம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

ஒரே ஒரு தக்காளிச் செடிக்கான 20 லிட்டர் தொட்டியை எடுத்துக்கொள்வோம். ஆறு லிட்டர் பக்குவமான மக்கு உரம், ஏழு லிட்டர் தென்னை நார்க்கழிவு, ஏழு லிட்டர் சலித்த தோட்ட மண் என்பது நம்பகமான கலவை. தென்னை நார்க்கழிவில் உப்பு தங்கியிருக்க வாய்ப்புண்டு. ஆகவே கட்டியை நீரில் ஊறவைத்து, பிழிந்து, இரண்டு மூன்று முறை அலசிய பிறகே சேர்க்க வேண்டும். மூன்றையும் உலர்ந்த நிலையில் தொட்டிக்குள் கொட்டாமல், வெளியே ஈரப்படுத்திக் கலந்து நிரப்பினால் பின்னால் தண்ணீர் சீராக இறங்கும். விளிம்புக்குக் கீழே மூன்று விரற்கடை இடம் விட்டால்தான் ஊற்றும் நீர் வழியாமல் நின்று உள்ளே செல்லும். நனைந்த பிறகு இத்தகைய தொட்டி ஏறத்தாழ 20 கிலோ எடைக்கு வரும் என்பதால், பல தொட்டிகளை வெளி விளிம்பில் வரிசையாக அடுக்காமல் சுவரை ஒட்டி வைப்பதே பாதுகாப்பானது.

அடியில் ஜல்லியோ ஓட்டுச் சில்லோ பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை எளிதில் சாகாது. உண்மையில், நுண்ணிய கலவையில் தங்கியிருக்கும் நீர், அது முழுதாக ஊறிப்போகும் வரை பெரிய இடைவெளிகள் கொண்ட ஜல்லிக்குள் இறங்குவதில்லை. எந்தத் தொட்டியிலும் கலவையின் அடியில் ஓர் ஊறிய அடுக்கு நிற்கும். 30 செ.மீ. ஆழத் தொட்டியில் அது 5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், வேருக்கு 25 செ.மீ. மிஞ்சும். அடியில் 5 செ.மீ. ஜல்லி போட்டால் அந்த ஊறிய அடுக்கு மேலே ஏறி, வேருக்கு 20 செ.மீ. மட்டுமே எஞ்சும். மண் வெளியேறாமல் தடுக்கத் துளைகளின் மேல் ஒரு துண்டு வலை போதும்.

வெயில் மிகுந்த பால்கனிக்கே உரிய தவறு ஒன்று உண்டு: செடிக்கு வெயில் வேண்டும் என்பதற்காகத் தொட்டியின் பக்கச் சுவரையும் வெயிலில் காயவிடுவது. காய்க்கும் செடிகளுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் தேவைதான். ஆனால் அது இலைக்கு மட்டுமே தேவை. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் வெயில் படும் பக்கத்தில் கலவை மிகவும் சூடேறி, அந்தப் பக்கத்து வேர்கள் செயலிழந்துவிடும். வெளிர் நிறத் தொட்டியைத் தேர்ந்தெடுப்பதும், சாக்கை வெளியே சுற்றுவதும், தொட்டிக்கு முன்னால் கீரைத் தொட்டியொன்றை நிழலுக்காக வைப்பதும் பயன் தரும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, நண்பகலில் தொங்கிய இலையைப் பார்த்தவுடன் ஊற்றக் கூடாது. மாலையில் அதுவே நிமிர்ந்தால் அது வெப்பத்தால் வந்த வாட்டம். அழுகிய வேர் கொண்ட செடியும் அதே போலத்தான் தொங்கும்; விரலை இரண்டு கணு ஆழம் நுழைத்துப் பார்ப்பதே சரியான வழி. வளர்ந்த தக்காளிச் செடி வெப்ப நாளில் ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை குடிக்கும். ஊற்றியவுடன் அடியில் நீர் வந்துவிடுவதை மட்டும் நம்ப வேண்டாம், ஏனெனில் நன்கு உலர்ந்த கலவை சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகிவிட்டால் நீர் அந்த இடுக்கின் வழியே ஓடிவிடும். தொட்டியைச் சற்றுச் சாய்த்துப் பார்க்கும்போது எடை குறைவாகத் தோன்றினால், நீர் நிரம்பிய தட்டில் அரைமணி நேரம் நிறுத்தி, பின் தட்டை அகற்றிவிட வேண்டும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக இப்படி மாறிக்கொண்டே இருந்தால், பழத்தின் நுனி கறுத்து அமுங்கும். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தும் அது சீராகப் பழத்தைச் சென்றடையாததன் விளைவு அது. அதற்கு முட்டை ஓட்டைத் தூவுவதால் உடனடிப் பயன் இல்லை, நீரைச் சீராக்குவதே மருந்து.

அறுவடை முடிந்ததும் கலவையைக் கொட்டிவிடத் தேவையில்லை. தடித்த வேர்களை நீக்கி, இறங்கிப்போன அளவுக்குப் புதிய மக்கு உரம் சேர்த்துக் கிளறினால் அடுத்த பயிருக்கு ஆகும். அந்தத் தொட்டியில் அடுத்து மிளகாயோ கத்தரியோ நடாமல், கீரையோ அவரையோ போடுவது நல்லது. தக்காளியும் மிளகாயும் கத்தரியும் ஒரே குடும்பத்துச் செடிகள் என்பதால், ஒன்றின் வேர் நோய் மண்ணில் தங்கி மற்றதைத் தாக்கக்கூடும்.