வெளிநாட்டுக்கு அனுப்பும் பணம் குறையாமல் போய்ச்சேர: OUR கட்டணத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பிள்ளை அமெரிக்காவில் படிக்கிறார். கல்லூரிக்கு 5,000 டாலர் கட்ட வேண்டும். இங்குள்ள வங்கியில் டாலருக்கு உரிய ரூபாயும் கமிஷனும் கட்டி அனுப்புகிறீர்கள். நான்கு நாள் கழித்து, "4,985 டாலர்தான் வந்திருக்கிறது, 15 டாலர் பாக்கி" என்று கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வருகிறது. பாக்கி நின்றால் பாடப்பதிவைக்கூட நிறுத்தி வைக்கும் கல்லூரிகள் உண்டு.

அந்த 15 டாலர் நடுவில் இருக்கும் வங்கியிடம் போயிருக்கிறது. உங்கள் வங்கிக்கும் கல்லூரியின் வங்கிக்கும் நேரடிக் கணக்கு இல்லாவிட்டால், உங்கள் வங்கி டாலர் கணக்கு வைத்திருக்கும் வேறொரு வங்கி வழியாகத்தான் பணம் போகும். டாலர் என்றால் அது பெரும்பாலும் நியூயார்க்கில் இருக்கும் வங்கி. அது தன் கட்டணத்தை யாரிடம் வாங்குவது என்பதை, நீங்கள் படிவத்தில் குறித்த ஒரு சொல்லே முடிவு செய்கிறது.

படி 1: படிவத்தில் கட்டணக் கட்டத்தைத் தேடுங்கள்

பணம் அனுப்பும் விண்ணப்பத்தில் வெளிநாட்டு வங்கிக் கட்டணம் யாருடையது என்று கேட்கும் இடம் ஒன்று இருக்கும். மூன்று தேர்வுகள்: OUR என்றால் எல்லாக் கட்டணமும் அனுப்புபவருடையது. BEN என்றால் எல்லாம் பெறுபவருடையது. SHA என்பதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆளுக்குப் பாதி என்று அதற்கு அர்த்தம் இல்லை. உங்கள் வங்கியின் கட்டணம் மட்டுமே உங்களுடையது; அதற்குப் பிறகு வழியில் பிடிப்பதெல்லாம் பெறுபவர் தலையில் விழும். இணைய வங்கியில் பல இடங்களில் SHA முன்கூட்டியே தேர்வாகி இருக்கும். கல்விக் கட்டணம், வாடகை முன்பணம் போல ஒரு டாலர்கூடக் குறையக் கூடாத தொகைக்கு அதை OUR என்று மாற்றுங்கள்.

படி 2: கிளையில் ஒரு கேள்வி கேளுங்கள்

"OUR கட்டணத்தை இப்போதே மொத்தமாக வாங்கிக்கொள்வீர்களா, பிறகு பிடிப்பீர்களா?" சில வங்கிகள் ஒரு நிலையான தொகையை முன்பே வாங்கிவிடும். வேறு சில வங்கிகளில், இடைநிலை வங்கி கேட்கும்போது உங்கள் கணக்கில் பற்று வைப்பார்கள். அது சில வாரம் கழித்தும் வரலாம். கணக்கில் கொஞ்சம் பணம் விட்டுவையுங்கள்.

படி 3: ஸ்விஃப்ட் நகலை வாங்கிப் படியுங்கள்

பணம் போனதும் ஸ்விஃப்ட் நகல் கேளுங்கள். ஸ்விஃப்ட் என்ற வலையமைப்பு வழியாக உங்கள் வங்கி அடுத்த வங்கிக்கு அனுப்பிய செய்தியின் பிரதி அது. படிவத்தில் நீங்கள் OUR என்று எழுதியிருந்தும் கிளையில் SHA என்று பதிவாகிவிடுவது உண்டு. அது இங்கேதான் தெரியும். பழைய வடிவ நகலில் பார்க்க வேண்டிய வரிகள் இவை:

```
:32A:250814USD5000,00
:33B:USD5000,00
:71A:OUR
```

33B நீங்கள் அனுப்பச் சொன்ன தொகை. 32A வங்கிகளுக்கு இடையே கைமாறிய தொகை. கட்டணம் யாருடையது என்பது 71A. இதே பணம் SHA-வில் போயிருந்தால், கல்லூரியின் வங்கிக்குக் கிடைக்கும் செய்தி இப்படி இருக்கும்:

```
:32A:250818USD4985,00
:33B:USD5000,00
:71A:SHA
:71F:USD15,
```

வழியில் பிடித்த 15 டாலர் 71F-இல் நிற்கிறது. புதிய வடிவ நகல் தந்தால் OUR-க்குப் பதில் `DEBT`, SHA-வுக்குப் பதில் `SHAR` என்று இருக்கும். நகலில் உள்ள `UETR` எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பணம் எங்கே நிற்கிறது என்று வங்கி தேடுவது அந்த எண்ணை வைத்துத்தான்.

OUR போட்டும் குறைந்தால்?

இது நடக்கும். பெறுபவரின் வங்கி, வெளிநாட்டுப் பணம் வரவு வைப்பதற்கென்று தன் வாடிக்கையாளரிடம் தனியாகக் கட்டணம் பிடிக்கலாம். அது அவர்களுக்குள் இருக்கும் ஒப்பந்தம். உங்கள் OUR அதைத் தடுக்காது. அமெரிக்காவுக்குள் பணம் ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது OUR-ஐ மதிக்காமல் பிடிப்பதும் உண்டு. முழுத் தொகை சேரும் என்று உறுதி தரும் சேவை இருக்கிறதா என்று உங்கள் வங்கியில் முன்பே கேட்பது நல்லது.

குறைந்த தொகையைப் பார்த்தே ஓரளவு காரணம் சொல்லிவிடலாம். 10, 15, 25 என்று முழு எண்ணாகக் குறைந்தால் அநேகமாகக் கட்டணம். 83.47 போல உதிரியாகக் குறைந்தால் நாணய மாற்றைச் சந்தேகியுங்கள்: பவுண்டு கணக்குக்கு டாலர் அனுப்பினால், அங்கே மாற்றும் விகிதத்தில் போகும் பணத்தை OUR காப்பாற்றாது. கணக்கு எந்த நாணயத்தில் இருக்கிறதோ அதிலேயே அனுப்புங்கள்.

கட்டணம்தான் என்று உறுதியானால், கல்லூரியின் வங்கி பெற்ற செய்தியின் நகலைக் கேட்டு வாங்கி, 71A-இல் OUR இருக்கும் உங்கள் நகலோடு சேர்த்து உங்கள் வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள். வழியில் பிடித்திருந்தால் திரும்பக் கேட்க இந்த இரண்டு தாள்களும் வேண்டும்.

அதற்குள் 15 டாலர் பாக்கியைக் கட்ட இன்னொரு ஸ்விஃப்ட் அனுப்பாதீர்கள். SHA-வில் போனால் அந்த 15-உம் வழியிலேயே தீர்ந்துவிடலாம். கல்லூரியின் இணையதளத்தில் அட்டை வழியாகக் கட்ட முடிந்தால் அப்படியே கட்டிவிடுங்கள்.