ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பருப்பும் காய்கறியும்: வேகும் நேரம், மசிக்கும் நேரம், ஊட்டும் சூடு

ஒன்றரை வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்கு முன்பற்கள் வந்திருக்கும். உணவை அரைக்கும் கடைவாய்ப் பற்களோ அப்போதுதான் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருக்கும். இதனால் ஒரு கேரட் துண்டைக் கடித்து எடுக்கக் குழந்தையால் முடியும், ஆனால் கடித்ததை மென்று கூழாக்க முடியாது. அரைகுறையாக வெந்த துண்டு அப்படியே தொண்டைக்குள் போய்விடும். அதனால்தான் இந்த வயதில் பருப்பும் காயும் ஈறால் அழுத்தினாலே நசுங்கும் அளவுக்கு வேக வேண்டும் என்கிறோம்.

இங்கே ஒரே ஒரு மதிய உணவை, அடுப்பில் வைப்பது முதல் கரண்டியில் எடுப்பது வரை சொல்கிறேன். குழைந்த சாதத்தோடு ஊட்டத் துவரம் பருப்பு, கேரட், மஞ்சள் பூசணி ஆகிய மூன்றும் போதும். கோலாலம்பூரில் எந்த மளிகைக் கடையிலும் காலைச் சந்தையிலும் இவை கிடைக்கும்.

பருப்பை ஊறவைத்தல்

நான்கு மேசைக்கரண்டி துவரம் பருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இது ஏறக்குறைய 50 கிராம் இருக்கும். தண்ணீர் தெளியும் வரை கழுவி, 30 நிமிடம் ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒரு சிறிய எவர்சில்வர் கிண்ணத்தில் பருப்பையும் 200 மில்லிலிட்டர் புதிய தண்ணீரையும், ஒரு சிட்டிகை மஞ்சள் தூளையும், இரண்டு சொட்டு நல்லெண்ணெயையும் சேருங்கள். எண்ணெய் நுரையை அடக்கும். பருப்பு நுரை பொங்கிக் குக்கரின் ஆவித் துளையை அடைத்துவிடக்கூடும் என்பதால், இதை விட்டுவிடாமல் சேர்ப்பது நல்லது. கிண்ணத்தையும் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

புளியும் தக்காளியும் இந்தக் கட்டத்தில் கூடவே கூடாது. புளிப்பு இருக்கும் தண்ணீரில் பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் எளிதில் கரைவதில்லை. எத்தனை விசில் விட்டாலும் பருப்பு முழுசாகவே நிற்கும். சீக்கிரம் வேகட்டும் என்று சமையல் சோடா போடும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. குழந்தையின் பருப்பில் அதைத் தவிர்த்துவிடுங்கள். அது சோடியத்தைக் கூட்டுவதோடு பருப்பில் உள்ள தயமின் என்னும் பி1 வைட்டமினையும் அழித்துவிடும்.

குக்கரில் வேகவைத்தல்

இவ்வளவு சிறிய அளவுப் பருப்பைக் குக்கரில் நேரடியாகப் போட்டால் அடிப்பிடித்துவிடும். ஆகவே குக்கரின் அடியில் இரண்டு குவளை தண்ணீர் ஊற்றி, அதனுள் பருப்புக் கிண்ணத்தை வையுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அதிலிருந்து 15 நிமிடம் வைத்து அணையுங்கள். ஒரு குக்கருக்கும் இன்னொரு குக்கருக்கும் விசில் எண்ணிக்கை மாறுபடும். கடிகாரத்தைப் பார்ப்பதே நம்பகமானது. பிறகு ஆவி தானாக அடங்கும் வரை, அதாவது 10 முதல் 15 நிமிடம், மூடியைத் தொடாதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் வெப்பத்தில் பருப்பு தொடர்ந்து வெந்துகொண்டிருக்கும். ஆவியை அவசரமாக வெளியேற்றினால் அந்த வேக்காடு கிடைக்காமல் போகும்.

மூடியைத் திறந்ததும் ஒரே ஒரு பருப்பைக் கரண்டியால் எடுத்துத் தட்டில் வைத்து, கரண்டியின் பின்புறத்தால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அது வெண்ணெய் போல் பரவ வேண்டும். நடுவில் வெளுத்த ஒரு புள்ளி தனியாக நின்றால், அல்லது விரலில் மணல் போல் நெருடினால், இன்னும் வேகவில்லை என்று பொருள். கிண்ணத்தில் தெளிந்த தண்ணீர் மேலேயும் பருப்பு அடியிலேயும் பிரிந்து நிற்பதும் அதே அடையாளம்தான். கொஞ்சம் கொதிநீர் சேர்த்து மறுபடியும் 10 நிமிடம் வையுங்கள்.

அப்படியும் மலராத பருப்பு பெரும்பாலும் பழைய பருப்பாக இருக்கும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் மாதக்கணக்கில் கிடக்கும் பருப்பு வேகும் தன்மையை இழந்துவிடும்; நம் ஊர்ச் சமையலறையில் அடுப்புக்கு மேலுள்ள அலமாரி அப்படிப்பட்ட இடம்தான். பெரிய மூட்டையாக வாங்காமல் அரைக்கிலோ பொட்டலமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. அவசரமான நாளில் பாசிப்பருப்பைப் பயன்படுத்தலாம். ஊறவைக்காமலே முதல் விசிலுக்குப் பிறகு 8 முதல் 10 நிமிடத்தில் குழைந்துவிடும்.

காய்கறியைத் தனியே ஆவியில் வேகவைத்தல்

காயையும் பருப்போடு சேர்த்தே குக்கரில் வைக்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் பூசணி கரைந்து காணாமல் போகும். குழந்தை எல்லாவற்றையும் ஒரே மஞ்சள் கூழாகத்தான் அறியும். ஒன்றரை வயதில் மென்துண்டுகளை நாக்கால் நசுக்கிப் பழக வேண்டும் என்பதால், காயைத் தனியே அவிப்பதையே நான் விரும்புகிறேன்.

குக்கர் அடுப்பை அணைக்கும் நேரத்தில் இட்லிச் சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டுத் தயாராக வைத்திருங்கள். கேரட்டின் தோலைச் சீவி, நீளவாக்கில் நான்காகப் பிளந்து, நடுத்தண்டு முற்றி மரம் போல் இருந்தால் அதை நீக்கிவிட்டு, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். வட்ட வில்லைகளாக நறுக்க வேண்டாம். வட்டத் துண்டு மூச்சுக்குழலை முழுமையாக அடைக்கும் வடிவம். ஆவி நன்றாக எழுந்த பிறகு கேரட்டை வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து, தோலும் விதையும் நீக்கிய பூசணியை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக அதனுடன் சேருங்கள். மேலும் 10 நிமிடத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் வெந்து நிற்கும். குக்கரின் ஆவி அடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான்.

வெந்ததா என்று கத்தியால் குத்திப் பார்ப்பது பெரியவர்களின் உணவுக்குப் போதும், குழந்தைக்குப் போதாது. மிகப் பெரிய கேரட் துண்டை எடுத்து, சற்று ஆறவிட்டு, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். விரல் நுனி வெளுக்கும் அளவுக்கு அழுத்த வேண்டியிருந்தால் இன்னும் மூன்று நான்கு நிமிடம் வேண்டும். லேசாகத் தொட்டதும் நசுங்கினால் எடுத்துவிடலாம்.

வேறு காய் போட விரும்பினால், உருளைக்கிழங்குக்கு 15 நிமிடமும் நார் உரித்துப் பொடியாக நறுக்கிய பீன்ஸுக்கு 12 நிமிடமும் கணக்கு. சந்தையில் பாயம் என்று விற்கும் கீரையில் தண்டைத் தவிர்த்து இலையை மட்டும் பொடியாக நறுக்கி 4 நிமிடம் வேகவைத்தால் போதும்.

மசித்தல்

பருப்பைச் சூடாக இருக்கும்போதே மசிக்க வேண்டும். ஆறிய பிறகு அதன் மாவுச்சத்து இறுகிக் கட்டிதட்டும். அப்போது மத்தால் எவ்வளவு கடைந்தாலும் சிறு உருண்டைகள் எஞ்சிவிடும். மூடி திறந்து ஐந்து நிமிடத்துக்குள் மத்தைப் போட்டுவிடுங்கள்.

எவ்வளவு நேரம் மசிப்பது என்பது குழந்தையின் வயதைப் பொறுத்தது. ஒரு வயதைத் தொட்ட குழந்தைக்கு ஒன்று முதல் ஒன்றரை நிமிடம், பருப்பு முழுதும் கரையும் வரை கடையலாம். நம் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு 30 விநாடி போதும். பாதிப் பருப்பு உடைந்தும் பாதி உருவம் தெரிந்தும் இருக்கும். இரண்டு வயதை நெருங்கும்போது கரண்டியால் ஒரு சுற்றுக் கலக்கிவிட்டாலே போதுமானது. கேரட்டையும் பூசணியையும் முள்கரண்டியால் பத்துப் பதினைந்து தடவை அழுத்தி, பயறளவுத் துண்டுகள் எஞ்சும்படி விட்டுவிடுங்கள். மிக்சியில் அடிக்க வேண்டாம், குறிப்பாக உருளைக்கிழங்கை. அது பசை போல் இழுத்து, வாயின் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு குழைந்த சாதம் மூன்று மேசைக்கரண்டி, பருப்பு மூன்று, காய்கள் இரண்டு என்று கலந்து, அரைத் தேக்கரண்டி நெய்யும் ஒரு சிட்டிகை வறுத்துப் பொடித்த சீரகமும் சேருங்கள். கடுகு, கறிவேப்பிலை, மிளகாய் வற்றல் தாளிப்பு குழந்தையின் கிண்ணத்துக்கு வேண்டாம். மீதமுள்ள பருப்பில் உப்பும் புளியும் சேர்த்துச் சாம்பாராக்கிவிடலாம்; குழந்தையின் பங்கை அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் கலவை மெதுவாக வழிந்து விழ வேண்டும். ஆறும்போது மேலும் கெட்டியாகும் என்பதால், கொதித்து ஆறிய வெந்நீரை ஒரு மேசைக்கரண்டி பக்கத்தில் வைத்திருங்கள்.

ஊட்டும் சூடு

பருப்புச் சாதத்தில் ஒரு மறைவான ஆபத்து உண்டு. மேற்பரப்பு ஆறி ஏடு படிந்த பிறகும், நடுப்பகுதி நெடுநேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். 60 பாகை செல்சியஸ் சூடு பெரியவர்களின் தோலையே சில விநாடிகளில் புண்ணாக்கும். குழந்தையின் வாயோ அதைவிட மிக மென்மையானது. பிளாஸ்டிக் கிண்ணம் வெப்பத்தை வெளியே காட்டாது என்பதால், கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கலவையை அகலமான தட்டில் பரப்பி, ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை அடியோடு கிளறிவிடுங்கள். அவசரமென்றால் கிண்ணத்தைக் குளிர்ந்த நீரில் வைத்துக் கிளறலாம். வாயால் ஊதி ஆற்றுவதைத் தவிர்ப்பது நல்லது. நம் எச்சில் துளிகள் உணவில் போய்ச் சேரும். கேக் செய்யும் பொருள்கள் விற்கும் கடையில் கிடைக்கும் சமையல் வெப்பமானியைக் கலவையின் நடுவில் குத்திப் பார்த்து, 37 முதல் 40 பாகைக்குள் வந்த பிறகே ஊட்டுங்கள். வெப்பமானி இல்லையென்றால், நன்றாகக் கிளறிய பிறகு நடுவிலிருந்து அரைக் கரண்டி எடுத்து மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்து, ஐந்து வரை எண்ணுங்கள். வெதுவெதுப்பு மட்டுமே தெரிய வேண்டும். சுருக்கென்று பட்டால் இன்னும் ஆறவிடுங்கள். குழந்தை நேராக உட்கார்ந்திருக்கும்போது மட்டும், பக்கத்தில் இருந்து ஊட்டுங்கள்.

மீதியை வைத்துக்கொள்வது

5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். நம் ஊரில் மதிய வெயில் 32 பாகையைத் தாண்டும் நாள்களில், சமைத்த உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. குழந்தையின் கரண்டி பட்ட மீதியைக் கொட்டிவிடுங்கள். கரண்டி படாத பங்கைச் சிறு டப்பாக்களில் மெல்லிய அடுக்காகப் போட்டுச் சீக்கிரம் ஆறவைத்து, 4 பாகைக்குக் குறைவான குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். எடுக்கும்போது நடுப்பகுதியும் 75 பாகையை எட்டும்படி ஆவி பறக்கச் சூடாக்கி, மறுபடியும் 40 பாகைக்கு ஆறவிட்டு ஊட்டுங்கள். மைக்ரோவேவ் அங்கங்கே மட்டும் சூடாக்கும் என்பதால், பாதியில் நிறுத்திக் கிளறிவிட்டு மீண்டும் வையுங்கள். ஒருமுறை சூடாக்கியதை இரண்டாம் முறை சூடாக்கக் கூடாது.

வேலைக்குப் போகும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்பவரிடம் வெந்நீர்க்குடுவையில் கொடுத்தனுப்புவதாக இருந்தால், முதலில் குடுவையில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் பருப்புச் சாதத்தை விளிம்பு வரை நிரப்புங்கள். மதியம் திறக்கும்போதும் உணவு 60 பாகைக்கு மேல் இருக்க வேண்டும். ஆகவே, தட்டில் பரப்பி ஆறவைத்து, மணிக்கட்டில் வைத்துப் பார்த்த பிறகே ஊட்ட வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் குடுவையின் மேல் ஒட்டிக் கொடுங்கள்.