பட்ஸைத் தொட்டாலே போன் கால் கட்டாகிறதா? தொடுதலை நம் வசத்துக்குக் கொண்டுவருவது எப்படி

அம்மாவுக்கு ஒயர்லெஸ் இயர்பட்ஸ் வாங்கிக் கொடுத்த முதல் வாரம் முழுக்க ஒரே புகார்: "பேசிட்டு இருக்கும்போதே ஏன்டா வச்சிடுற?" நான் வைக்கவே இல்லை. சிக்னல் கோளாறு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போனபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், விஷயம் புரிந்துவிட்டது. பட்ஸ் கொஞ்சம் நழுவுகிற மாதிரி இருந்தால் அம்மா விரலால் அதை இரண்டு முறை உள்ளே தள்ளுவார். அடுத்தடுத்து இரண்டு தொடுதல். பட்ஸுக்கு அது "அழைப்பைத் துண்டி" என்ற உத்தரவு.

பட்ஸின் வெளிப்பக்கத்தில் இருப்பது போன் திரையில் இருப்பது போன்ற தொடு உணரிதான். தோலோ ஈரமோ பட்டால் அதற்கு மின் மாற்றம் தெரியும். வேண்டுமென்று தொட்டதா, தெரியாமல் பட்டதா என்பது அதற்குத் தெரியாது. தலைக்குக் குளித்துவிட்டு ஈரமுடியோடு மாட்டினாலும், ஒருக்களித்துப் படுக்கும்போது காது மடங்கி அதன்மேல் அழுந்தினாலும் அதைப் பொறுத்தவரை விரல்தான்.

முதல் படி: எந்தத் தொடுதல் தொல்லை தருகிறது என்று கண்டுபிடியுங்கள்

எல்லாவற்றையும் அணைத்துவிடுவது சுலபம். ஆனால் பிறகு அடுத்த பாட்டுக்குப் போகக்கூட போனை எடுக்க வேண்டியிருக்கும். அதனால் ஒரு நாள் மட்டும் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். மாட்டும்போதோ நகர்த்தும்போதோ பாட்டு நின்றால் குற்றவாளி ஒற்றைத் தட்டு. பாட்டு திடீரென அடுத்ததற்குத் தாவினாலோ, அழைப்பு அறுந்தாலோ பெரும்பாலும் இரட்டைத் தட்டு. கழற்றுவதற்காகப் பிடிக்கும்போது வெளிச்சத்தம் சட்டென்று உள்ளே வந்தாலோ, குரல் உதவியாளர் விழித்துக்கொண்டாலோ, அது அழுத்திப் பிடித்தல்.

இரண்டாம் படி: செயலியில் அந்தத் தொடுதலை மட்டும் அணையுங்கள்

சாம்சங் பட்ஸை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பட்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்து போனோடு இணைத்துவிட்டு Galaxy Wearable செயலியைத் திறந்து, தொடு கட்டுப்பாடுகளுக்கான பகுதிக்குப் போங்கள். பல மாடல்களில் அதன் பெயர் Touch controls. Buds2 Pro போன்றவற்றில் ஒற்றை, இரட்டை, மூன்று தட்டு, அழுத்திப் பிடித்தல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கும். அழைப்புக்கான இரட்டைத் தட்டுக்கும் தனி சுவிட்ச் உண்டு. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. பாட்டுக்கான இரட்டைத் தட்டை அணைத்துவிட்டு, அழைப்பு இன்னமும் அறுகிறதே என்று தலையைச் சொறிவார்கள்.

அம்மாவுக்கு நான் செய்தது இது: ஒற்றைத் தட்டை அணைத்தேன். அழைப்புக்கான இரட்டைத் தட்டையும் அணைத்தேன். போன் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும், அதிலேயே எடுக்கட்டும். மூன்று தட்டை விட்டுவைத்தேன், ஏனென்றால் தவறுதலாக யாரும் மூன்று முறை தட்டுவதில்லை. அழுத்திப் பிடித்தால் இடப்பக்கம் ஒலி குறையவும் வலப்பக்கம் கூடவும் வைத்தேன். தெரியாமல் அழுந்தினாலும் சத்தம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். இதுதான் என் கணக்கு: அடிக்கடி தவறாகப் படும் தொடுதலுக்கு ஒன்று வேலையே கொடுக்காதீர்கள், இல்லையென்றால் கெடுதல் இல்லாத வேலையாகக் கொடுங்கள்.

ஐபோனில் ஏர்பாட்ஸ் வைத்திருப்பவர்கள் Settings-இல் Bluetooth போய், ஏர்பாட்ஸ் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் i குறியைத் தொட வேண்டும். முதல் இரண்டு தலைமுறைகளில் இரட்டைத் தட்டுக்கு என்ன வேலை என்பதை இடது, வலது தனித்தனியாக மாற்றலாம். Off என்றும் வைக்கலாம். புரோ மாடலில் கீழே நீண்டிருக்கும் தண்டுப் பகுதியை விரல்களால் அழுத்த வேண்டும், அதனால் சும்மா உரசினால் பாட்டு நிற்காது, அழைப்பும் அறாது.

செயலியே இல்லாத மலிவு பட்ஸ் என்றால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பெரும்பாலும் எதையும் மாற்ற முடியாது. பிடிக்கும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும். நடுவில் விரல் வைத்துத் தள்ளாமல், மேலும் கீழும் விளிம்பைப் பிடித்துச் சற்றே திருகி உள்ளே உட்கார வையுங்கள். அடிக்கடி நழுவுகிறது என்றால் ரப்பர் முனை உங்கள் காதுக்குச் சின்னது. பெட்டியோடு வந்த பெரிய முனையைப் போட்டுப் பாருங்கள். நழுவாத பட்ஸை யாரும் தொட்டுத் தொட்டுச் சரிசெய்வதில்லை.

மூன்றாம் படி: சோதியுங்கள்

ஒரு பாட்டை ஓடவிட்டு, வழக்கம்போல் பட்ஸை நகர்த்துங்கள். பிறகு வீட்டில் இருப்பவரைக் கூப்பிடச் சொல்லி, பேசும்போதும் அதையே செய்யுங்கள். பாட்டுக்கும் அழைப்புக்கும் அமைப்பு வேறு என்பதால் இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது. பட்ஸை முழுவதுமாக ரீசெட் செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒயர் இயர்போனிலும் இதே பேய் உண்டு

"அதனால்தான் நான் ஒயருக்கே திரும்பிட்டேன்" என்று சொல்பவர்களுக்கும் ஒரு நாள் பாட்டு தானாக நிற்கும், தொடாமலே குரல் உதவியாளர் வந்து நிற்கும். காரணம் ஒயரில் இருக்கும் அந்தச் சின்னப் பட்டன் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

மைக் உள்ள 3.5 மி.மீ. பின்னில் நான்கு உலோகப் பகுதிகள் இருக்கும்: இடது ஒலி, வலது ஒலி, எர்த், மைக். பட்டனுக்கென்று தனி ஒயர் கிடையாது. அழுத்தும்போது அது மைக் ஒயரை எர்த்தோடு இணைக்கிறது. இடையில் எவ்வளவு மின்தடை இருக்கிறது என்பதை வைத்து எந்தப் பட்டன் என்று போன் கண்டுபிடிக்கும். ஆண்ட்ராய்டு முறையில் தடை கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் நடு பட்டன், சுமார் 240 ஓம் என்றால் ஒலி கூட்டல், 470 என்றால் ஒலி குறைத்தல், 135 என்றால் குரல் உதவியாளர். ஆப்பிளின் 3.5 மி.மீ. இயர்போனில் ஒலிப் பட்டன்கள் வேறு முறையில் பேசுவதால், ஆண்ட்ராய்டில் பொதுவாக நடு பட்டன் மட்டும்தான் வேலை செய்யும்.

நடு பட்டனை ஒருமுறை அழுத்தினால் பாட்டு நிற்கும் அல்லது ஓடும், அழைப்பு வந்தால் எடுக்கும். இருமுறை அழுத்தினால் அடுத்த பாட்டு. மும்முறைக்கு முந்தைய பாட்டு, ஆனால் ஆண்ட்ராய்டில் அது செயலியைப் பொறுத்தது. நீளமாக அழுத்தினால் குரல் உதவியாளர்.

இப்போது யோசியுங்கள்: பின்னில் வியர்வை ஈரம் இருந்தாலோ, ஒயர் உள்ளே பாதி அறுந்து உரசினாலோ, மைக்கும் எர்த்தும் தொட்டுக்கொள்ளும். போனுக்கு அது பட்டன் அழுத்தியது போலவே தெரியும்.

கண்டுபிடிக்க இப்படிச் செய்யுங்கள். பாட்டை ஓடவிட்டு, பட்டனைத் தொடாமல், பின்னுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒயரை மெதுவாக வளைத்துப் பாருங்கள். பிறகு மைக் பெட்டி அருகே. வளைக்கும்போது பாட்டு நின்றால் ஒயர் போய்விட்டது. வளைத்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால் பின்னை உலர்ந்த துணியால் துடைத்து, போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் துளைக்குள் இருக்கும் பஞ்சை மெல்ல எடுங்கள். சட்டைப்பையில் சேர்ந்த பஞ்சு அடியில் அழுந்தி, பின் முழுதாக உள்ளே போகாமல் தடுப்பது நான் பலமுறை பார்த்தது. குண்டூசி வேண்டாம், உள்ளிருக்கும் தொடுமுனைகள் வளைந்துவிடும். அதன்பிறகும் தொல்லை என்றால் அதே இயர்போனை வேறு போனில் மாட்டுங்கள். அங்கேயும் வந்தால் தவறு இயர்போனில்.

புதிது வாங்கும்வரை சமாளிக்க, ஆண்ட்ராய்டு Settings-இல் Default apps பகுதிக்குப் போய் Digital assistant app என்பதை None ஆக்கிவிட்டால் உதவியாளர் வந்து நிற்பதாவது பெரும்பாலும் ஓயும். பாட்டு நிற்பதை இது தடுக்காது.

பாட்டு கேட்க மட்டும்தான் என்றால் கடையில் பின்னை உற்றுப் பாருங்கள். மூன்று கோடுகள் இருந்தால் மைக் உள்ளது. இரண்டு கோடுகள் மட்டும் இருந்தால் மைக்கும் இல்லை, பட்டனும் இல்லை. தப்பாக அழுந்த அதில் எதுவுமே கிடையாது.