பாலூட்டும் காலத்தில் ஓட்டப் பயிற்சிக்குத் திரும்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தை பிறந்து ஐந்து மாதமான, அறுபது கிலோ எடையுள்ள ஒரு பெண் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மீண்டும் தயாராகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை நான்கரை மணிக்கு எழுந்தவுடன், குழந்தை உறங்குகிறதே என்று சத்தமில்லாமல் கிளம்பிவிடுகிறார். இரவு ஒரு மணிக்குப் பால் குடித்த குழந்தைக்கு அடுத்த வேளை ஐந்து மணியளவில் வரும். இவரோ ஆறரைக்குத்தான் வீடு திரும்புவார். நான் அதிகம் காணும் முதல் தவறு இதுதான்.

நிறைந்த மார்போடு ஓடுவது வலியைத் தருவதோடு நிற்பதில்லை. பால் தேங்கி நிற்கும்போது சுரப்பைக் குறைக்கும்படி உடல் தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. வாரத்தில் நான்கு நாள் இப்படி ஒரு வேளை தள்ளிப்போனால் இரண்டு, மூன்று வாரங்களில் பால் குறைந்ததாகத் தெரியும், பழியோ ஓட்டத்தின்மேல் விழும். கிளம்புவதற்கு முன் அரைத் தூக்கத்திலேயே குழந்தைக்கு இரு பக்கமும் கொடுத்துவிட்டு, ஐந்தேகாலுக்குப் புறப்பட்டு ஆறேகாலுக்குள் திரும்பினால், அடுத்த வேளைக்கு இன்னும் நேரம் இருக்கும். குழந்தை குடிக்காவிட்டால் இறுக்கம் தளரும் அளவுக்கு மட்டும் பிழிந்து எடுத்தால் போதும். முழுவதும் காலியாக்க முயன்றால் மறுநாள் இன்னும் அதிகமாகச் சுரக்கும்.

ஸ்போர்ட்ஸ் பிராவைப் பால் கொடுத்த பிறகே அணிய வேண்டும், ஏனெனில் நிறைந்த மார்புக்கும் காலியான மார்புக்கும் அளவு வேறு. ஓடி முடித்ததும் உடனே கழற்றிவிடுவது முக்கியம். வியர்வையில் நனைந்த இறுக்கமான துணியோடு சமையலறையில் ஒரு மணி நேரம் நின்றால், அக்குளை ஒட்டிய பகுதியில் அழுத்தம் விழுந்து பால் கட்டிக்கொள்வதுண்டு. அப்படிக் கட்டிய இடத்தை அழுத்தித் தேய்ப்பது பழைய வழக்கம். அது வீக்கத்தை அதிகப்படுத்தும். குளிர்ந்த ஒத்தடம் கொடுத்து, குழந்தைக்கு வழக்கம்போல் பால் கொடுத்துவந்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். ஒரு நாளில் தணியாமல் சிவந்து, காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். பாலூட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை.

இரண்டாவது தவறு உணவில் நடக்கிறது, அதுவே எனக்கு அதிகக் கவலை தருவது. முதல் ஆறு மாதங்களில் பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கிலோகலோரி கூடுதலாகத் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. மேலே சொன்ன பெண் 8 கிலோமீட்டர் ஓடினால், ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒன்று என்ற தோராயக் கணக்கில் இன்னும் 480 சேர்கிறது. இரண்டும் சேர்ந்து ஆயிரத்தைத் தாண்டுகின்றன. சிறிய இட்லி நான்கு தருவதோ சுமார் 200தான். உடல் இளைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் காலை உணவையும் குறைத்தால், பால் சுரப்பை விடத் தாயின் உடலே முதலில் வாடும்.

பிற பெண் ஓட்டக்காரர்களுக்கு உணவு போதவில்லை என்பதை மாதவிடாய் நின்றுபோவது காட்டிக்கொடுக்கும். பாலூட்டும் தாய்க்கு அது இயல்பாகவே நின்றிருக்கலாம் என்பதால் அந்த எச்சரிக்கை மணியை இங்கே நம்ப முடியாது. பாலூட்டும் மாதங்களில் எலும்பின் கனிமம் சற்றே குறைந்திருக்கும் (நிறுத்திய பின் பெரும்பாலும் மீண்டுவிடும்). அதோடு பசியும் ஓட்டமும் சேர்ந்தால் எலும்பில் நுண்விரிசல் ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே வேறு குறிகளைப் பார்க்க வேண்டும்: வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் எடை இறங்குவது, இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகும் கால் கனப்பது, முழங்காலுக்குக் கீழே எலும்பின் ஒரே புள்ளியில் விரல் வைத்தால் வலிப்பது. கடைசிக் குறி தெரிந்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்திப் பரிசோதிக்க வேண்டும். கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம், திரும்பிய அரை மணி நேரத்துக்குள் முட்டையோ சுண்டலோ சேர்த்த முழுக் காலை உணவு, தாகத்துக்கு ஏற்றபடி தண்ணீர் என்று முதலில் பழக்கப்படுத்திக்கொண்டு, அதன் பிறகே தூரத்தைக் கூட்டலாம். ஓடும்போது சிறுநீர் கசிந்தாலோ அடிவயிற்றில் கீழே இறங்குவதுபோல் கனத்தாலோ தூரத்தைக் கூட்டாமல், இடுப்புத்தளத் தசைகளை அறிந்த பிசியோதெரபிஸ்டைப் பார்க்கவும்.

ஓடி வந்தவுடன் பால் "சூடாகிவிட்டது", "புளித்துவிட்டது" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு முதல் பாலைப் பிழிந்து கொட்டுவதும் தேவையற்ற இழப்பே. மிதமான ஓட்டத்தால் பாலின் லாக்டிக் அமிலம் குறிப்பிடத்தக்க அளவில் மாறுவதில்லை. மூச்சு முட்டும் வேகத்தில் ஓடினால் சற்றுக் கூடலாம், அதனால் குழந்தைக்குக் கேடில்லை. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால், தோலில் காய்ந்த வியர்வையின் உப்பு காரணமாக இருக்கலாம்; ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி கொடுத்துப் பாருங்கள். பால் போதுமா என்ற ஐயத்துக்குப் பம்ப்பில் சேரும் அளவு விடை ஆகாது. ஒரு நாளில் ஆறு முறையாவது குழந்தை நன்றாகச் சிறுநீர் கழிக்கிறதா, எடை சீராக ஏறுகிறதா என்பவையே விடை.