ஒட்டடைக்கம்பால் கிளப்பும் ஃபேன்: கண்டன்சர் விஷயத்தில் செய்யும் தவறுகள்

போன கோடையில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது, கூடத்தில் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஓர் ஒட்டடைக்கம்பு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சித்தி சுவிட்சைப் போட்டார். மேலே ஃபேன் "ம்ம்ம்" என்று முனகியதே தவிர அசையவில்லை. கம்பை எடுத்து இறக்கையை ஒரு தள்ளு தள்ளினார். மெல்ல நகர ஆரம்பித்தது.

"கண்டன்சர் வீக்காம்டா. கிளப்பி விட்டாப் போதும், அப்புறம் அதுவே சுத்தும்" என்றார்.

அந்தக் கடைசிப் பேச்சில்தான் முதல் தவறு இருக்கிறது. கண்டன்சர் என்பது ஃபேனைக் கிளப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் பொருள் என்றே பலரும் நினைக்கிறார்கள். தண்ணீர் மோட்டார் சிலவற்றில் அப்படி ஒன்று உண்டு. வேகம் பிடித்ததும் உள்ளே இருக்கும் சுவிட்ச் அதைத் துண்டித்துவிடும். சீலிங் ஃபேனில் அப்படி எந்தச் சுவிட்சும் கிடையாது. ஃபேன் ஓடும் நேரம் முழுக்கக் கண்டன்சரும் வேலையில் இருக்கிறது. அதனால்தான் இதற்கு ரன்னிங் கண்டன்சர் என்று பெயர்.

அது என்ன வேலை என்று பார்ப்போம். நம் வீட்டு ஃபேனுக்கு வருவது ஒற்றை ஃபேஸ் மின்சாரம். ஒரே ஒரு காயிலில் அதைக் கொடுத்தால், காந்தப் புலம் விநாடிக்கு 50 முறை வடக்கு தெற்காக மாறும். ஆனால் நின்ற இடத்திலேயே மாறும். சுற்றிச் சுற்றி வராது. காலால் மிதிக்கும் தையல் மெஷின் நினைவிருக்கிறதா? மிதி ஒரு குறிப்பிட்ட நிலையில் மாட்டிக்கொண்டால் எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் நகராது. கையால் சக்கரத்தைத் தொட்டுவிட வேண்டும். முன்னால் தள்ளினால் முன்னால் போகும், பின்னால் தள்ளினால் பின்னால் போய் நூலை அறுக்கும். ஒற்றைக் காயில் மோட்டாரும் அதே மாதிரிதான். நின்றிருக்கும்போது இந்தப் பக்கம் திருப்பும் விசையும் அந்தப் பக்கம் திருப்பும் விசையும் சரிசமம். மிச்சம் முனகல் மட்டுமே.

சரி, தள்ளாமலே கிளம்ப என்ன வழி? இரண்டாவதாக ஒரு மிதி வேண்டும். முதல் மிதி முட்டி நிற்கும் நேரத்தில் இரண்டாவது முழு பலத்தோடு அழுத்த வேண்டும். ஃபேனுக்குள் இருக்கும் ஸ்டார்ட்டிங் காயில்தான் அந்த இரண்டாவது மிதி. அது முதல் மிதியான ரன்னிங் காயிலின் துருவங்களுக்கு நடுவே இடம் தள்ளிச் சுற்றப்பட்டிருக்கும். ஆனால் இடம் தள்ளியிருந்தால் மட்டும் போதாது, நேரமும் தள்ள வேண்டும். இரண்டுக்கும் ஒரே மின்சாரத்தை அப்படியே கொடுத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் அழுத்தும்.

இங்கேதான் கண்டன்சர் வருகிறது. காயிலில் ஓடும் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குச் சற்றுப் பின்தங்கும். ஸ்டார்ட்டிங் காயிலோடு கண்டன்சரைத் தொடரில் போட்டால் அதில் ஓடும் மின்னோட்டம் முந்திக்கொள்ளும். ஒன்று பின்தங்கி மற்றொன்று முந்தும்போது இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய கால் சுழற்சி இடைவெளி கிடைக்கிறது. 50 ஹெர்ட்ஸில் ஒரு முழுச் சுழற்சி 20 மில்லி விநாடி. ஆக இடைவெளி 5 மில்லி விநாடி. ஒரு காயிலில் உச்சத்துக்கு வந்த புலம் 5 மில்லி விநாடி கழித்துப் பக்கத்துக் காயிலில் உச்சத்துக்கு வருகிறது, அப்புறம் அடுத்ததில். புலம் நகர ஆரம்பித்துவிட்டது. வெளிக்கூட்டில் இருக்கும் ரோட்டர் அதன் பின்னாலேயே ஓடுகிறது.

இப்போது கம்பால் தள்ளிய ஃபேனுக்கு வருவோம். கண்டன்சர் முழுக்கச் செத்துவிட்டால், தள்ளிய பக்கம் ரன்னிங் காயிலை மட்டும் வைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றும். சில ஃபேன்கள் அதுவும் முடியாமல் நின்றுவிடும். சுற்றினாலும் எதிர்ப்பக்கம் இழுக்கும் விசை உள்ளே இருந்துகொண்டேதான் இருக்கிறது. எனவே முனகல் போகாது, காற்று வராது, காயிலும் சுடும். கம்பால் தீரும் பிரச்சினை இல்லை இது.

சித்தி வீட்டில் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, தண்டின் கீழ்க் கப்பை இறக்கினேன். (சுவிட்சை மட்டும் நம்பக் கூடாது. சில வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் போட்டிருப்பார்கள்.) கண்டன்சரின் இரு முனைகளையும் ஒரு குண்டு பல்பு வழியாக இணைத்து, தங்கியிருக்கும் மின்சாரத்தை இறக்கினேன். அது ஆளைக் கொல்லும் அளவு இல்லை, ஆனால் ஸ்டூல் மேல் நிற்பவரைக் கீழே தள்ளப் போதும். மேலே 2.5 மைக்ரோஃபாரட், கூடக்குறைய 5 சதவீதம், 440 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. மல்டிமீட்டர் காட்டியது 0.9.

2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர் 50 ஹெர்ட்ஸில் சுமார் 1,270 ஓம் தடை கொடுக்கும். 0.9 ஆகச் சுருங்கினால் அது 3,500 ஓமைத் தாண்டிவிடும். ஸ்டார்ட்டிங் காயிலுக்குப் போக வேண்டிய மின்னோட்டம் அங்கேயே நின்றுவிடுகிறது. இந்தச் சுருக்கம் ஒரே நாளில் நடப்பதில்லை. உள்ளே பிளாஸ்டிக் படலத்தின் மேல் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். படலத்தில் எங்காவது ஓட்டை விழுந்தால் அந்த இடத்துப் பூச்சு மட்டும் ஆவியாகி, கண்டன்சர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பரப்பு போய்விடும். அதனால்தான் முதலில் வேகம் குறையும், அடுத்து ரெகுலேட்டரை 5ல் வைத்தால் கிளம்பி 2ல் வைத்தால் முனகும், கடைசியில் கம்பு தேவைப்படும்.

இந்த இடத்தில் "காயில் போச்சு, கட்டணும்" என்று ஃபேனைக் கழற்றிக் கொடுத்துவிடுவது அடுத்த தவறு. முதலில் மின்சாரம் இல்லாமல் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சீக்கிரம் நின்றால் பேரிங். தடையில்லாமல் சுற்றி, மின்சாரம் கொடுத்தால் மட்டும் முனகினால் கண்டன்சரை மாற்றிப் பார்க்கலாம். ஆனால் ஸ்டார்ட்டிங் காயில் அறுந்திருந்தாலும் இதே முனகல்தான் வரும். புதுக் கண்டன்சருக்கும் மசியாவிட்டால் அப்போது காயிலைச் சந்தேகப்படுங்கள்.

சித்தியின் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, 4 போடுங்க, பிச்சுக்கிட்டு ஓடும்" என்றார். இதைப் பலரும் செய்கிறார்கள். 14 துருவ ஃபேனில் புலமே நிமிடத்துக்குச் சுமார் 428 சுற்றுதான் சுற்றும்; இறக்கை அதைத் தாண்டவே முடியாது. பெரிய கண்டன்சர் போட்டால் வேகம் கொஞ்சம் கூடினாலும் கூடலாம், ஆனால் ஸ்டார்ட்டிங் காயில் தாங்க வேண்டிய மின்னோட்டமும் சூடும் கூடும். மெல்லிய கம்பியில் சுற்றிய காயில் அது. ஃபேனில் போட்டிருக்கும் அளவையே வாங்க வேண்டும். வோல்ட்டும் அப்படித்தான்: வீட்டில் 230 தானே என்று 250 வோல்ட் கண்டன்சர் வாங்கினால், காயிலோடு தொடரில் இருக்கும்போது அதன் முனைகளில் 230ஐத் தாண்டிய மின்னழுத்தம் ஏறி, சீக்கிரமே போய்விடும்.

நான் 2.5, 440 வோல்ட்டே போட்டேன். ஒரு தப்பும் செய்தேன். பழைய ஒயர்களைக் குறித்து வைக்காமல் கழற்றியதால், ஸ்டார்ட்டிங் காயிலில் சேர வேண்டிய கண்டன்சர் ரன்னிங் காயிலில் சேர்ந்துவிட்டது. முந்த வேண்டியது பின்தங்கி, பின்தங்க வேண்டியது முந்தியது. ஃபேன் கம்பு இல்லாமலே கிளம்பியது, ஆனால் தலைகீழாக. கீழே நின்று அண்ணாந்து பார்த்த சித்தி, "சுத்துது, காத்து எங்கடா?" என்றார். இரண்டு ஒயரை இடம் மாற்றிப் போட்டதும் சரியாகிவிட்டது.