அம்மா சிம்முக்கு நான் எழுதுன லெட்டர்

பாபநாசத்துல படுத்த படுக்கையா இருக்குற அம்மாவோட போன்ல சிம் தொலைஞ்சு போயிடுச்சு, டூப்ளிகேட் வாங்க மாமாவ கும்பகோணத்துல இருக்குற சிம் கம்பெனி கடைக்கு அனுப்புனோம். அம்மா கைநாட்டு வச்ச லெட்டர், டாக்டர் சர்டிபிகேட் ரெண்டையும் தள்ளிட்டாங்க.

மறுபடி போனப்ப மாமா, நம்பர் யார் பேர்ல இருக்குன்னு பாக்கச் சொன்னாரு. என் ஆதார்ல வாங்குனது! அப்போ அம்மா சம்மதம் அங்க செல்லாது, நான்தான் எழுதணும்.

சென்னையிலேர்ந்து எழுதி அனுப்புனேன்: நம்பர், ஆதார்ல உள்ளபடியே என் பேரு, சிம் தொலைஞ்ச விவரம், வாங்க வர்ற மாமா பேரு, அவரோட ஆதார்ல உள்ள விலாசம், தேதி, கையெழுத்து. கூட நான் கையெழுத்து போட்ட ஆதார் ஜெராக்ஸ். அன்னைக்கே சிம் குடுத்துட்டாங்க, அப்பாடா.

கால் வந்துச்சு, ஆனா பேங்க் ஓடிபி வரல. பயப்படாதீங்க, சிம் மாத்துனா 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைப்பாங்க, மோசடிய தடுக்க.