முதலீட்டாளருக்கு மாதக் கடிதம் எழுதுவது எப்படி: வாடைக்காற்று மாதம் ஒன்றை வைத்து ஒரு செய்முறை

திருகோணமலையில் நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு சிறிய மீன் விநியோக நிறுவனம் நடத்துகிறோம். வாடிகளில் மீன் வாங்கி, சுத்தம் செய்து, ஐஸ் போட்டு உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்கும் கண்டியில் உள்ள வீடுகளுக்கும் அனுப்புவதுதான் வேலை. எங்களுக்குப் பணம் போட்டவர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருவர் கனடாவில் இருக்கும் என் மாமா.

முதல் கடிதத்தை ஓகஸ்ட் மாத முடிவில் எழுதினேன். "இந்த மாத விற்பனை 18 இலட்சம்" என்பதுதான் முதல் வரி. நவம்பரில் காசு போதாது என்று சொன்னபோது மாமா தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, 18 இலட்சத்துக்கு வித்தனீங்கள் எண்டு எழுதினீங்கள். அந்தக் காசு எங்க?" நான் எழுதியது பில் போட்ட தொகை. விடுதிகள் 30, 45 நாள் கழித்துத்தான் பணம் தருவார்கள். ஓகஸ்ட்டில் கையில் வந்தது 11 இலட்சம் மட்டுமே. நான் பொய் எழுதவில்லை, ஆனால் அவர் அதை உண்மை நிலை என்று நம்பியிருந்தார். அதற்குப் பிறகு கடிதத்தின் அமைப்பையே மாற்றினேன். இப்போது எழுதும் முறை இதுதான்.

முதலில் வங்கி மீதி

மாதத்தின் கடைசி நாள் வங்கியில் இருந்த தொகைதான் கடிதத்தின் முதல் வரி. அடுத்த வரியில் அந்த மாதம் கைக்கு வந்த காசும் கையை விட்டுப் போன காசும். பில் போட்ட விற்பனை அதற்குக் கீழேதான் வரும், பக்கத்திலேயே "இதில் இன்னும் வராதது" என்ற தொகையோடு. வராததில் 60 நாளைத் தாண்டியதைத் தனியாகப் பிரித்து எழுதுங்கள். அது வரும் என்று வைத்து நான் எந்தக் கணக்கும் போடுவதில்லை.

இதற்குக் கூகுள் ஷீட்ஸ் போதும். கணக்கு மென்பொருள் ஒன்றுக்கு மாதக் கட்டணம் கட்டிப் பார்த்தோம். அதன் அறிக்கையில் பில் தொகைதான் முன்னால் நின்றது, நான் முதலில் செய்த அதே தவறு. A மாதம், B வந்தது, C போனது, D மாத இறுதி மீதி என நான்கு நிரல்கள்.

காசு எத்தனை மாதத்துக்கு வரும்?

நான் தடுக்கி விழுந்த இடம் இது. எங்கள் கணக்கு, இலட்சத்தில்: செப்டம்பரில் வந்தது 12, போனது 15, மீதி 32. ஒக்டோபரில் 9, 14, மீதி 27. நவம்பரில் 6, 13, மீதி 20. இணையத்தில் படித்தபடி மூன்று மாதச் சராசரியை வைத்துக் கணக்குப் போட்டேன்.

```
=D4/AVERAGE(C2-B2,C3-B3,C4-B4)
```

குறைந்த தொகைகள் 3, 5, 7. சராசரி 5. விடை நான்கு மாதம், அதாவது மார்ச் முடியும்வரை. நிம்மதியாக இருந்தது. பிறகு கடைசி மாதத்தை மட்டும் வைத்துப் பார்த்தேன்.

```
=D4/(C4-B4)
```

மூன்று மாதம்கூட இல்லை. பெப்ரவரி முடிவதற்குள் காசு தீர்ந்துவிடும். இங்கே இரண்டாவது விடைதான் சரி. ஏனென்றால் செப்டம்பரில் கிழக்குக் கரையில் சுற்றுலாக் காலத்தின் வால் இருந்தது, விடுதிகள் வாங்கின. நவம்பரில் வாடைக்காற்று, கடல் கொந்தளிப்பு, படகுகள் போகாத நாட்களே அதிகம். டிசம்பரும் ஜனவரியும் நவம்பரைப் போல இருக்குமே தவிர செப்டம்பரைப் போல இருக்காது. விடுதிகள் திரும்ப நிறைவது ஏப்ரல் கடைசியில். உங்கள் தொழிலிலும் பருவம் உண்டென்றால் இரண்டு விடைகளையும் கடிதத்தில் போட்டு, எதை நம்புகிறீர்கள், ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

தவறிய இலக்கை எழுதும் விதம்

கண்டியில் வாராந்தம் மீன் வாங்கும் வீடுகள் 60 ஆகும் என்று சொல்லியிருந்தோம். வந்தது 38. "எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைவு" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. நான் எழுதியது இது:

"இலக்கு 60 வீடு, கிடைத்தது 38. சேர்ந்தவர்களில் 14 பேர் இரண்டாம் வாரத்தோடு நிறுத்திவிட்டார்கள். காரணம் கேட்டதில் பெரும்பாலானோர் மீன் குளிராக வரவில்லை என்றார்கள். கண்டியில் பெட்டியைத் திறந்து அளந்தோம், 8 பாகை இருந்தது. ரெஜிபோம் பெட்டியில் மீனின் பாதி எடைக்குத்தான் ஐஸ் போட்டிருந்தோம். இப்போது ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். மூன்று வாரமாக 3 பாகைக்கு மேல் போகவில்லை. ஆனால் ஒரு பெட்டியில் போகும் மீன் குறைந்ததால் வண்டிச் செலவு கூடியிருக்கிறது."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடலாமா என்று என் பங்காளி கேட்டார். விடவில்லை. ஒரு பிழையைத் திருத்தியதால் வந்த செலவை மறைத்தால், அடுத்த மாதம் அது எண்ணிக்கையில் வந்து நிற்கும்.

தேவையைக் கேட்பது

"உங்கள் ஆதரவு தேவை" என்று எழுதிய மாதங்களில் யாரும் ஒன்றும் செய்யவில்லை. என்ன வேண்டும், எவ்வளவு, எப்போதைக்கு என்று எழுத வேண்டும். எங்கள் கணக்கு: டிசம்பரிலிருந்து ஏப்ரல்வரை ஐந்து மாதம், மாதம் 7 வீதம் 35 இலட்சம். கையில் 20. இரண்டாவது வண்டியை நிறுத்தினால் மாதம் 5 ஆகும், மொத்தம் 25, குறைவு 5. அதோடு ஒரு மாதக் கையிருப்பாக 5. ஆகவே 10 இலட்சம், ஜனவரி 31க்குள். வண்டியை நிறுத்திவிட்டோம் என்பதைப் பணம் கேட்பதற்கு முந்தைய வரியில் எழுதினேன். இரண்டாவது தேவை, கண்டியில் 14 நாளில் பணம் தரக்கூடிய உணவகம் ஒன்றின் அறிமுகம். பணம் போட முடியாதவரும் இதைச் செய்யலாம். மாமா செய்தது இதைத்தான்.

அனுப்புவது மின்னஞ்சலின் உடலிலேயே, மாதம் 5ஆம் தேதிக்குள். பிடிஎஃப் வேண்டாம், எல்லோரும் கைபேசியில்தான் படிக்கிறார்கள். வாட்ஸ்அப்பும் வேண்டாம், மூன்று மாதம் கழித்துப் பழைய எண்ணைத் தேடும்போது கிடைக்காது.

பின்சேர்க்கை: ஒரு வாசகருக்கு மேலே உள்ள சூத்திரம் 11 மாதம் என்று காட்டியிருக்கிறது, வங்கியிலோ காசு வேகமாகக் குறைகிறது. அவருடைய அட்டவணையை வாங்கிப் பார்த்தேன். முதலீட்டாளர் போட்ட பணத்தையும் B நிரலில் சேர்த்திருந்தார். முதலீடும் கடனும் B-யில் வரக் கூடாது, E என்று தனி நிரல் போடுங்கள். மீதியில் மட்டும் அவை சேரும்.

இன்னொன்று: விடை கழித்தல் குறியோடு வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அந்த மாதம் போனதைவிட வந்தது அதிகம் என்று பொருள். அப்போது மாதக் கணக்கை எழுதாமல் "இந்த மாதம் மீதி கூடியது" என்று எழுதி, பழைய பாக்கி ஏதாவது மொத்தமாக வந்ததா என்று பாருங்கள். எங்களுக்கு ஜனவரியில் அப்படி ஆனது. ஒரு விடுதி மூன்று மாதப் பாக்கியை ஒரே நாளில் கட்டியது. அதைக் கழித்துப் பார்த்தபோது அந்த மாதமும் 5 இலட்சம் குறைவுதான், கடிதத்தில் அந்த 5-ஐத்தான் எழுதினேன்.